‘காலை வணக்கம்’ சொல்லலாமா? பாட வீடியோவின் முதல் பத்து நொடிக்கு நான்கு வழிகள்

நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஊரடங்கு சமயத்தில் வீடியோ போட ஆரம்பித்தேன், அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. பகலில் எங்கள் தெருவில் ஒலிபெருக்கி, குக்கர் விசில், நாய் எல்லாம் போட்டி போடும் என்பதால் விடியற்காலை ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்துதான் பதிவு செய்வேன். பின்னணியில் ஒரு குயில் கூட உண்டு. அந்த நேரத்தில் வாயில் தானாக வருவது என்ன? "இனிய காலை வணக்கம் மாணவர்களே!" அப்படியே சொல்லிவிட்டேன், ஒரு வருடம் முழுக்க.

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைக் கேட்பது இரவு பத்தரைக்கு. வீட்டில் இருப்பது ஒரே போன், அதை அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார், அவர் வந்து சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் இவன் கைக்கு வரும். ஒருநாள் வாட்ஸ்அப்பில் அவனிடமிருந்து எனக்கு ஒரு பதில்: "குட் நைட் சார், பாடம் புரிஞ்சுது." கிண்டல் இல்லை, நிஜமாகவே பணிவாகத்தான் எழுதியிருந்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாக, நான் வணக்கம் சொல்வது யாருக்கு, எப்போது என்று உட்கார்ந்து யோசித்தேன்.

யோசித்ததில் கைக்கு வந்தவை நான்கு வழிகள். ஒரே பாடத்தை வைத்துச் சொன்னால் வித்தியாசம் தெரியும். பாடம்: மின்தடைகளின் பக்க இணைப்பு. பிள்ளைகளைப் பிடிக்க என்னிடம் இருக்கும் கேள்வி இது: வீட்டில் ஃபேனை நிறுத்தினால் லைட்டும் சேர்ந்து ஏன் அணைவதில்லை? ஒரே கம்பத்திலிருந்துதானே இரண்டுக்கும் கரண்ட் வருகிறது? பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே அணைந்துபோகிறதே, அது மட்டும் ஏன்?

முதல் வழி, வகுப்பறையில் செய்வதை அப்படியே கேமரா முன்னால் செய்வது. "இனிய காலை வணக்கம் மாணவர்களே! அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற வகுப்பில் தொடரிணைப்பைப் பற்றிப் பார்த்தோம். இன்றைய வகுப்பில் பக்க இணைப்பைப் பற்றிப் பார்க்கப்போகிறோம். வாருங்கள், பாடத்துக்குள் செல்வோம்." நிதானமாகச் சொன்னால் பதினைந்து பதினாறு நொடி வருகிறது. பள்ளியின் பெயர், என் பெயர், என் பட்டம் எல்லாம் சேர்த்தால் அரை நிமிடத்தைத் தொடும். அதற்கு முன்னால் சுழலும் லோகோவும் இசையும் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரவில் இயர்போன் மாட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையின் காதைப் பற்றி அவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் சொல்வேன்.

இந்த வழியில் ‘காலை’ மட்டும்தான் தவறு என்று முதலில் நினைத்தேன். அதை எடுத்துவிட்டேன். ஆனால் அந்த ஐந்து வாக்கியங்களில் நேரம் சொல்லும் சொற்கள் இன்னும் ஒளிந்திருந்தன. ‘இன்றைய வகுப்பு’ என்றால் எது இன்று? ‘சென்ற வகுப்பு’ என்றால் அந்தப் பிள்ளை அதைப் பார்த்திருக்க வேண்டுமே? நம் பாடப் புத்தகங்களில் 2018 முதல் கியூஆர் கோடு அச்சடித்து வருகிறது, பிள்ளைகளுக்கு அதே பழக்கம், வேண்டிய பக்கத்துக்கு வேண்டிய வீடியோ. நடுவிலிருந்து நுழைகிறவனுக்கு ‘சென்ற வகுப்பு’ என்று ஒன்று கிடையாது. "தொடரிணைப்பு வீடியோவில் பார்த்தோம்" என்று பெயரைச் சொன்னால் அவனாவது தேடிப் போவான். இதைவிட மோசம் ஒன்று செய்தேன். ஒரு வீடியோவின் தொடக்கத்தில் "நாளைக்கு டெஸ்ட் இருக்கு, மறந்துடாதீங்க" என்று சொல்லிவைத்திருந்தேன். மறு வருடம் புது பேட்ச்சுக்கு அதே இணைப்பை அனுப்பினேன். காலையில் நான்கு பேர் முகம் வெளுத்து நிற்கிறார்கள், "சார், இன்னைக்கு டெஸ்டா?"

ஒரு விஷயம் கவனித்தீர்களா, ‘வணக்கம்’ என்ற சொல்லுக்கு நேரமே கிடையாது. காலை, மாலை, இரவு எதற்கும் அது ஒன்றேதான். ‘காலை வணக்கம்’ என்பது ‘குட் மார்னிங்’கைத் தமிழில் எழுதியது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" பாடிப் பாடி, தமிழில் சொல்லும்போதும் நேரத்தை ஒட்டிச் சொல்வது மரியாதை என்று ஆகிவிட்டது. கல்வித் தொலைக்காட்சி மாதிரி நேர அட்டவணை போட்டு ஒளிபரப்பும் இடத்தில் பத்து மணிப் பாடத்துக்குக் காலை வணக்கம் சரி. அதே பதிவு யூடியூபுக்கு வந்ததும் அந்தச் சொல் அனாதையாகிவிடும். ஆல் இந்தியா ரேடியோவை நினைத்துப் பாருங்கள். "ஆகாசவாணி, செய்திகள், வாசிப்பது" என்று ஒரு பெயர், அவ்வளவுதான், அடுத்த மூச்சில் செய்தி. யாரும் அவர்களை மரியாதை தெரியாதவர்கள் என்று சொன்னதில்லை.

இரண்டாவது வழி நேர் எதிர். வணக்கமும் இல்லை, பெயரும் இல்லை, முதல் நொடியிலேயே கேள்வி. "உங்க வீட்டுல ஃபேனை ஆஃப் பண்ணா லைட்டு ஏன் அணையறதில்லை?" யூடியூபில் பெரிய சேனல்கள் எல்லாம் இப்படித்தான் தொடங்குகின்றன. முதல் வழியில் சூடுபட்ட நான் இதற்குத்தான் தாவினேன். ஒரு மாதம் இப்படியே போட்டேன். அப்புறம் மூன்று கோளாறுகள் தெரிந்தன, மூன்றில் இரண்டு நான் எதிர்பார்க்காத திசையிலிருந்து வந்தவை.

ஒன்று, ஒலி. கழுத்தில் மாட்டும் ப்ளூடூத் இயர்போன்கள் சிலவும் சின்ன ஸ்பீக்கர்கள் சிலவும், கொஞ்ச நேரம் சத்தம் இல்லாமல் இருந்தால் தூங்கிவிடும். ஒலி வரத் தொடங்கியதும் விழித்துக்கொள்ள அரை நொடியோ ஒரு நொடியோ எடுத்துக்கொள்ளும், அந்த நேரத்தில் பேசியது காதுக்கு வராது. என் கேள்வியில் ‘உங்க வீட்டுல ஃபேனை’ என்பதுதான் முதல் நொடி. அது போய்விட்டால் மிச்சம் "ஆஃப் பண்ணா லைட்டு ஏன் அணையறதில்லை". கேட்கிறவனுக்கு மண்டை குழம்புமா குழம்பாதா? லைட்டை ஆஃப் பண்ணினால் லைட் அணையத்தானே செய்யும்! ஒரு பெண் இதையே என்னிடம் வந்து கேட்டாள். அவள் காதுக்கு அப்படித்தான் வந்திருக்கிறது.

இரண்டு, படம். சிக்னல் மட்டமாக இருக்கும்போது வீடியோ முதலில் மங்கலான தரத்தில் தொடங்கி, சில நொடிகளில்தான் தெளியும். எங்கள் ஊரில் சிக்னல் எப்போதும் மட்டம்தான். முதல் நொடியிலேயே மின்சுற்றுப் படத்தைக் காட்டினால் R₁ எது R₂ எது என்றே தெரியாது. என் முகம் மங்கலாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

மூன்றாவது, எதிர்பார்க்கக்கூடியதுதான்: சார் கோபமாக இருக்கிறாரோ என்று பிள்ளைகளுக்குத் தோன்றியது. முகம் தெரியாத சேனல்காரர் வணக்கம் சொல்லாமல் தொடங்கினால் அது பாணி. தினமும் பார்க்கிற வாத்தியார் வணக்கம் சொல்லாமல் தொடங்கினால் அது வேறு மாதிரி படுகிறது. வகுப்புக்குள் நுழைந்ததும் நேராகக் கரும்பலகைக்குப் போய் எழுத ஆரம்பிக்கும் வாத்தியாரைப் பார்த்துப் பின்பெஞ்சு என்ன பேசிக்கொள்ளும் என்று நமக்குத் தெரியாதா?

மூன்றாவது வழி இரண்டுக்கும் சமரசம் போலத் தெரியும்: முதலில் கேள்வி, அப்புறம் வணக்கம். "ஃபேனை ஆஃப் பண்ணா லைட்டு ஏன் அணையறதில்லை? வணக்கம், நான் உங்கள் அறிவியல் ஆசிரியர், இந்த வீடியோவில் நாம் பார்க்கப்போவது…" டிவி நிகழ்ச்சித் தொகுப்பாளர்கள் செய்வது. எனக்கு இது கொஞ்சமும் ஒத்துவரவில்லை, இதைப் பரிந்துரைக்கிறவர்கள் நிறையப் பேர் இருந்தாலும் சொல்கிறேன். கேள்வி கேட்டதும் பிள்ளை ஒரு கணம் தன் வீட்டு ஸ்விட்ச் போர்டை மனதில் பார்க்கிறான். அந்த ஒரு கணத்துக்காகத்தான் கேள்வியே. அங்கே போய் "வணக்கம்" என்று நுழைந்தால், யோசித்துக்கொண்டிருப்பவன் தோளைத் தட்டி "சௌக்கியமா?" என்று கேட்டது போல ஆகிவிடும். பார்வையாளரைப் பிடித்து நிறுத்த வேண்டிய கடை வியாபாரத்துக்கு இது சரி. நாளைக்குப் பாடத்தை ஒப்பிக்க வேண்டிய பிள்ளை எங்கேயும் ஓடிப்போவதில்லை.

நான்காவது வழியில்தான் இப்போது நிற்கிறேன். "வணக்கம்பா." சின்ன மூச்சு. "உங்க வீட்டுல ஃபேனை ஆஃப் பண்ணா லைட்டு ஏன் அணையறதில்லை?" வணக்கத்துக்கு ஒரு நொடி, மூச்சுக்கு அரை நொடியோ முக்கால் நொடியோ. நலம் விசாரிப்பு இல்லை, முன்கதை இல்லை. பாடத்தின் பெயரை நான் சொல்வதில்லை, திரையில் மேலே எழுத்தாக இருக்கும். வீடியோவின் தலைப்பிலும் அதுதான் இருக்கிறது, அதைப் பார்த்துத் தொட்டுத்தானே உள்ளே வந்திருக்கிறான். இயர்போன் முழுங்குவதானால் ‘வணக்கம்பா’வை முழுங்கட்டும், கேள்வி தப்பிக்கும். படம் தெளிவதற்குள் முகம் மட்டும் வந்து போகும், மின்சுற்று ஐந்தாவது நொடிக்கு மேல்தான் வரும். சார் கோபமாக இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

சரி, பதினாறு நொடி வணக்கத்தால் அப்படி என்ன கெட்டுவிட்டது, பதினாறு நொடிதானே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், பக்கத்து வீட்டுப் பெண் பாடம் பார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்வரை. நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் கட்டைவிரலைத்தான் பார்த்தேன். யூடியூபில் திரையின் வலப்பக்கம் இரண்டு முறை தட்டினால் பத்து நொடி தாவும், நிறுத்தாமல் இன்னொரு தட்டு தட்டினால் இருபதாகும். "இனிய காலை" என்று நான் வாயெடுத்ததுமே விரல் மூன்று தட்டு தட்டிவிட்டது. பழக்கம், யோசித்துச் செய்ததில்லை. வணக்கம் பதினாறாவது நொடியில் முடிகிறது, கேள்வி பதினாறிலிருந்து இருபதுக்குள் இருக்கிறது, அவள் போய் இறங்கியது இருபத்தொன்றில். அங்கே நான் "ஏன்னா ரெண்டுக்கும் தனித்தனிப் பாதை" என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேள்வியே கேட்காதவளுக்குப் பதில். நீள வணக்கம் பிள்ளைக்குத் தாவக் கற்றுக்கொடுக்கிறது, தாவுகிற விரல் வணக்கம் முடிகிற இடத்தில் நிற்பதில்லை. ஒன்றரை நொடி வணக்கத்தைத் தாவ யாருக்கும் நேரம் கிடையாது, விரல் மேலே வருவதற்குள் கேள்வி வந்துவிடும்.

இதை யூடியூப் ஸ்டுடியோவின் வரைபடத்தில் கண்டுபிடிக்கலாம் என்று சொல்வார்கள். முப்பதாவது நொடியில் எத்தனை சதவீதம் பேர் மிச்சம் என்று அது காட்டும், உண்மைதான். ஆனால் எந்த வீடியோவிலும் தொடக்கத்தில் கோடு சரியத்தான் செய்யும், தவறித் தொட்டவர்கள் வெளியேறுவதும் அதில் அடக்கம். நாற்பது பிள்ளைகள் பார்க்கிற வீடியோவில் இரண்டு பேர் வெளியேறினாலே ஐந்து சதவீதம் சரியும், அதை வைத்து வணக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஒரு பிள்ளையின் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து விரலைப் பாருங்கள், போதும்.

இனி விளிப்பு. ‘வணக்கம்பா’ என்றேன், ‘மாணவர்களே’ ஏன் இல்லை? வகுப்பில் நாற்பது பேர் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள், அங்கே ‘எல்லாரும்’ என்றால் எல்லாருக்கும் பொருந்தும். வீடியோவில் ஒரு பிள்ளை, தனியாக, பெரும்பாலும் போர்வைக்குள். அவளைப் பார்த்து ‘அனைவருக்கும் வணக்கம்’ என்றால் அவள் ஒரு கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவள் ஆகிவிடுகிறாள். "எத்தனை பேருக்குத் தெரியும், கை தூக்குங்க" என்பது இன்னும் அபத்தம், ஆனால் என் பழைய வீடியோக்களில் அதுவும் இருக்கிறது. ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும், எட்டி நின்று விவரிக்கும் நடையைவிட ‘நான், நீங்கள்’ என்று பேசும் நடையில் கேட்ட பாடத்தை மாணவர்கள் புதுக் கேள்விகளில் நன்றாகப் பயன்படுத்துவதைச் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். அதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழில் ‘நீங்க’ பலருக்கும் பொருந்தும், மரியாதையாக ஒருவருக்கும் பொருந்தும். பக்கத்தில் தம்பியோடு சேர்ந்து பார்த்தாலும் சரி, தனியாகப் பார்த்தாலும் சரி, அந்தச் சொல் அப்படியே நிற்கும். ‘நீ’ போட்டுப் பார்த்தேன், வகுப்பில் உரிமையாகக் கேட்கிற அதே ‘நீ’ வீட்டில் அம்மா காதில் விழும்போது அதட்டுவது போல இருந்ததாம். ‘தம்பி’ என்றால் பாதி வகுப்பு விட்டுப்போகும். ‘பா’ எங்கள் பக்கம் ஆண், பெண் இருவருக்கும் ஓடும். உங்கள் ஊரில் ‘கண்ணு’ என்று கூப்பிடுவீர்களானால் அதுவே இருக்கட்டும், வகுப்பில் வாயில் வராத சொல்லைக் கேமராவுக்காகப் புதிதாகப் பிடிக்க வேண்டாம்.

‘மாணவச் செல்வங்களே’ பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது ஆண்டு விழா மேடைக்கு இருக்கட்டும்.

நான்காவது வழி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. என் மனைவி இரண்டாம் வகுப்புக்கு எடுக்கிறாள். அவள் வீடியோவில் "வணக்கம்" என்று சொல்லிவிட்டு மூன்று நொடி சும்மா சிரித்துக்கொண்டு நிற்பாள். வீணான மூன்று நொடி என்று நான் சொன்னேன். எங்கள் மாடி வீட்டுக் குழந்தை அதைப் பார்த்ததைப் பார்த்தேன்: எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "வ…ண…க்…கம் மிஸ்ஸ்ஸ்" என்று ராகம் இழுத்துப் பாடி முடிக்கிறது, சரியாக அப்போது மிஸ் அடுத்த வாக்கியத்தைத் தொடங்குகிறாள். அந்த வயதில் வணக்கம்தான் வகுப்பு தொடங்கிவிட்டது என்பதற்கு மணி. அங்கே இடைவெளி விடுங்கள், குழந்தை ராகம் இழுக்கும் அளவுக்கு விடுங்கள். நேரில் பார்க்கவே போகாத ஆசிரியர், வேறு மாவட்டப் பிள்ளைகளுக்கு எடுப்பவர், முதல் வீடியோவில் மட்டும் பெயர் சொல்லி அறிமுகமாகட்டும். பதினைந்து வீடியோவிலும் அதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். பொங்கல், தீபாவளி வாழ்த்தெல்லாம் அனுப்பும் செய்தியில் எழுதிவிடுங்கள், டெஸ்ட் தேதியும் அங்கேதான்.

பதிவு செய்யும்போது ஒரு கைவேலை இருக்கிறது. வணக்கம் சொன்ன பிறகு வாயை மூடி, தலையை அசைக்காமல், ஒரு முழு நொடி நிற்பேன். அதில் தேவையானதை வைத்துக்கொண்டு மிச்சத்தை எடிட்டிங்கில் வெட்டுவேன். பின்னால் எப்போதாவது அந்த வணக்கத்தை மட்டும் கழற்ற வேண்டி வந்தால் கத்தி வைக்க இடம் வேண்டுமே. அதேபோல் பட்டனை அழுத்தியதும் பேசாதீர்கள், முதல் எழுத்து போய் ‘ணக்கம்’ என்றுதான் பதிவாகும்.

ஏற்கெனவே ஏற்றிய வீடியோக்களைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து, வீடியோவைத் தேர்ந்து, Editor-க்குள் Trim & cut என்பதில் தொடக்கத்தை இழுத்து வெட்டிச் சேமித்தால் போதும். இணைப்பு மாறாது, பார்த்தவர் எண்ணிக்கையும் கருத்துகளும் அப்படியே இருக்கும். புது வடிவம் வரக் கொஞ்ச நேரம் ஆகும், அதுவரை பழையதுதான் ஓடும். வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பியதை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, அது போனது போனதுதான்.

ஒரு கோடை விடுமுறையில் உட்கார்ந்து என்னுடையவற்றை இப்படி வெட்டிக்கொண்டே வந்தேன். குயில் கூவும் அந்த முதல் வீடியோவில் மட்டும் மாட்டிக்கொண்டேன். "இனிய காலை வணக்கம் மாணவர்களே இன்று நாம்" என்று ஒரே மூச்சில் ஓடியிருக்கிறேன், எங்கே வெட்டினாலும் ஒரு சொல்லின் வாலோ தலையோ ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘நாம்’ வரைக்கும் வெட்டினால் "பார்க்கப்போவது மின்தடை" என்று அரைகுறையாகத் தொடங்குகிறது. நான்கைந்து முறை பார்த்துவிட்டு, மறுநாள் ஐந்து மணிக்கு மறுபடி மாடிக்குப் போனேன்.